ஆயாவுக்கு இயர்பட்ஸ் மாட்டச் சொல்லி அனுப்பின மெசேஜ், வரி வரியா

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கத்துல எங்க ஆயா இருக்காங்க, நான் ஓசூர்ல வேலையில இருக்கன். வீடியோ கால்ல பேசறப்ப டிவி சத்தம், மாடு சத்தம், தெருவுல போற வண்டி சத்தம் எல்லாம் சேர்ந்து, நான் பேசறது அவங்களுக்குச் சரியா கேக்கறதில்ல. அதான் புதுசா இயர்பட்ஸ் வாங்கி பஸ்ல ஆள் மூலமா குடுத்து அனுப்பினன். அதை போன்ல எப்படி இணைக்கறதுன்னு ஆயாவுக்கு ஒரு மெசேஜ் எழுதினன். அதைத்தான் இன்னிக்குப் படிச்சிக் காட்டப் போறன்.

முதல்ல ஒண்ணு. இதை கால் பண்ணி சொல்லித் தராதீங்க. வாய்ஸ் மெசேஜும் வேணாம். ஏன்னா இயர்பட்ஸ் இணைஞ்ச அந்த நொடியே போன் சத்தம் எல்லாம் அதுக்குள்ள போயிடும். அது அப்ப அவங்க கையில இருக்கும், இல்லன்னா மேசை மேல இருக்கும். நீங்க இந்தப் பக்கம் பேசிக்கிட்டே இருப்பீங்க. அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. வேலை சரியா முடிஞ்ச நேரத்துல போன் கெட்டுப் போச்சுன்னு நெனச்சி வெச்சிடுவாங்க. எழுத்துல அனுப்பினா அந்தத் தொல்லை இல்ல. எங்க ஆயா தமிழ் நல்லா படிப்பாங்க. ஒரு வரி படிச்சி, அதைச் செஞ்சிட்டு, அடுத்த வரிக்கு வரலாம்.

இப்ப மெசேஜ்.

"ஆயா, டப்பாவைத் திற. உள்ள இருக்கற ரெண்டையும் வெளிய எடு. அடியில சின்னதா பிளாஸ்டிக் தாள் ஒட்டி இருந்தா உரிச்சிப் போட்டுடு. திரும்ப உள்ள வெச்சி, மூடி, போன் சார்ஜர்ல மாட்டு. சோறு ஆக்கிட்டு வா."

இந்தத் தாளைப் பல பேர் கவனிக்கறதில்ல. சார்ஜ் ஏறுற உலோகப் புள்ளியை அதுதான் மறைச்சிட்டு இருக்கும். உரிக்காம வெச்சா டப்பா மட்டும் சார்ஜ் ஆகும், இயர்பட்ஸ்ல ஏறாது. ஒரு பக்கம் மட்டும் உரிச்சிருந்தா ஒரு காதுல மட்டும்தான் கேக்கும். கடையில கொண்டு போய்ச் சண்டை போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

"இப்ப ரெண்டையும் எடுத்து காதுல வை. சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினது வலது காதுக்கு. காம்பு வாய்ப் பக்கமா கீழ பாத்து இருக்கணும். நடுவுல விரல் படாம ஓரத்தைப் பிடிச்சி வை."

பொட்டு நான்தான் ஒட்டி அனுப்பினன். எல், ஆர்னு போட்டிருக்கற எழுத்து அவ்வளவு பொடிசு, நமக்கே கண்ணுக்குத் தெரியாது. காம்போட நுனியில மைக் ஓட்டை இருக்கும், அதுமேல பொட்டு படக் கூடாது. விரல் படாமன்னு எழுதினதுக்கும் காரணம் இருக்குது. சில மாடல்ல வெளிப் பக்கத்தைத் தொட்டாலே கால் கட் ஆகும். வயசானவங்க கழண்டு வருதேன்னு அமுக்குவாங்க, கால் போயிடும்.

இணைக்கறதுக்கு முன்னாடியே காதுல மாட்டச் சொன்னன், கவனிச்சீங்களா? அப்பதான் இணைஞ்சதும் காதுலயே ஒரு சத்தம் கேக்கும். ஸ்கிரீன்ல என்னா வந்துக்குதுன்னு தேட வேண்டியதில்ல.

"போனை எடு. மேலருந்து கீழ விரலால இழு. நான் படத்துல சிவப்பு வட்டம் போட்டிருக்கற குறி மேல விரலை வெச்சி கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி. ஒரு பட்டியல் வரும். 'Pair new device' அப்படின்னு இருக்கற வரியைத் தொடு. நம்ம டப்பா மேல எழுதி இருக்கற அதே பேர் வரும். அதைத் தொடு. ரெண்டு வார்த்தை திரையில வரும், வலது பக்கம் இருக்கற 'Pair' தொடு. காதுல சத்தம் வந்தா முடிஞ்சிது."

வட்டம் போட்டது புளூடூத் குறி மேல. படம் அவங்க போன்லயே எடுத்தது. போன தடவை ஊருக்குப் போனப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தன். உங்க போன்ல எடுத்து அனுப்பினா குறி வேற எடத்துல இருக்கும், பாவம், தேடிக்கிட்டே இருப்பாங்க. சில போன்ல அந்த வரி வேற மாதிரியும் இருக்கும், அதையும் முன்னாடியே பாத்துக்கோங்க. பட்டியல்ல பேரே வரலைன்னா ரெண்டு காரணம் பாருங்க. சில மாடல்ல டப்பாவுல இருக்கற பட்டனை அமுக்கிப் பிடிச்சாதான் லைட் மினுக்கும், அப்பதான் போன் கண்ணுக்கு அது தெரியும். இல்லன்னா பேத்தியோ மாமாவோ தன் போன்ல ஏற்கனவே இணைச்சிப் பாத்திருப்பாங்க. அந்த போன் பக்கத்துல இருந்தா அதோடயே போய் ஒட்டிக்கும். அந்த போன்ல புளூடூத்தை அணைச்சிட்டு மறுபடி பாருங்க.

இது எல்லாம் முதல் தடவை மட்டும்தான். அடுத்த நாளுலருந்து போன்ல புளூடூத்தை அணைக்காம இருந்தா, டப்பாவைத் திறந்து காதுல வெச்சாலே போதும், தானா இணையும்.

சரி, இணைஞ்சிதான்னு எப்படிப் பாக்கறது? பாட்டு போட்டுப் பாக்கச் சொல்லாதீங்க. எங்க ஆயா பாட்டு கேட்டுட்டு, "நல்லா கேக்குது கண்ணு"ன்னு பதில் போட்டாங்க. நான் வாட்ஸ்அப்ல வீடியோ கால் பண்ணா என் குரல் போன்லருந்துதான் வருது. ஏன்னா பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேற ஒரு வழி. பேச்சு வழி மட்டும் அணைஞ்சிருந்தா இப்படித்தான் ஆகும். அப்ப இதை எழுதினன்:

"ஆயா, அதே பட்டியலுக்குப் போ. நம்ம பேருக்குப் பக்கத்துல பல் சக்கரம் மாதிரி ஒரு குறி இருக்குது, அதைத் தொடு. 'Calls' அப்படின்னு இருக்கற வரியில பொத்தான் வெளுத்து இருந்தா ஒரு தொடு தொடு, கலர் வரும்."

அவங்க போன்ல அது வெளுத்துத்தான் இருந்திச்சி. தொட்டாங்க, சரியாயிடுச்சி. அதுக்கப்புறமும் வரலைன்னா, கால் பேசறப்ப வர்ற ஸ்பீக்கர் குறியைத் தொட்டு இயர்பட்ஸ் பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, பாட்டு கேக்கறப்ப இருக்கற கனம் பேச்சுல இருக்காது, குரல் கொஞ்சம் மெலிசா வரும். மைக்கும் சேர்ந்து ஓடறதால அப்படி. அது கோளாறு இல்ல.

அப்புறம், போனைத் திண்ணையில வெச்சிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனா விட்டு விட்டுக் கேக்கும். வெட்டவெளியில சுமார் 10 மீட்டர் தூரம் வரும், நடுவுல மண்சுவர் வந்தா அதுவும் கிடையாது. போன் மடியிலயே இருக்கட்டும்னு எழுதினன்.

கடைசி வரி இதுதான்: "பேசி முடிச்சதும் ரெண்டையும் டப்பாவுல வெச்சி மூடிடு. தலகாணிக்கு அடியில வைக்காத."

மூடினாதான் இணைப்பு துண்டாகும். வெளிய கிடந்தா அடுத்து சித்தப்பா கால் பண்றப்ப ஆயா எடுத்து "ஹலோ"ம்பாங்க, அவர் குரல் தலகாணிக்கு அடியில பேசிக்கிட்டு இருக்கும். அப்படி ஆனா புளூடூத் குறியை ஒரு தடவை தொட்டு அணைச்சா சத்தம் போனுக்குத் திரும்பிடும். இதையும் மெசேஜோட சேர்த்து எழுதிடுங்க. உங்க வீட்டு ஆயா போன்ல பட்டியல் வேற மாதிரி வந்தா, போன் மாடல் பேரை கீழ எழுதுங்க, அதுக்கு ஏத்த மாதிரி வரி எழுதித் தரன்.