ஒரு பச்சைக் குழியின் விலை

அவையோருக்கு வணக்கம். ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணுள்ள குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் சூதாட்டம். அந்தச் சக்கரத்தில் வெல்வது எப்படி என்று நான் பேச வரவில்லை. அதற்கு வழி கிடையாது. ஏன் கிடையாது என்பது இந்தப் பேச்சின் நடுவிலேயே தெரிந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு குழியைப் பற்றிய பேச்சு. ஐரோப்பியச் சக்கரத்தில் இல்லாமல் அமெரிக்கச் சக்கரத்தில் மட்டும் இருக்கிற அந்த இரட்டைப் பூஜ்யக் குழி.

முதலில் இரண்டு சக்கரங்களையும் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வோம். இரண்டிலும் 1 முதல் 36 வரை எண்கள் உண்டு. அவற்றில் பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு. ஐரோப்பியச் சக்கரத்தில் இவற்றோடு பச்சை நிறத்தில் ஒரு 0 இருக்கும். ஆக மொத்தம் 37 குழிகள். அமெரிக்கச் சக்கரத்தில் 0 ஒரு பக்கமும், அதற்கு நேர் எதிரே 00 என்று இன்னொரு பச்சைக் குழியும் இருக்கும். மொத்தம் 38. எண்களின் வரிசையும் இரண்டிலும் வேறுவேறு. ஐரோப்பியச் சக்கரத்தில் 0-வுக்கு இருபுறமும் 26, 32 இருக்கும்; அமெரிக்கச் சக்கரத்தில் 2, 28 இருக்கும். ஆனால் இந்த வரிசை மாற்றத்தால் நம் கணக்கில் எதுவும் மாறாது. பந்து எந்தக் குழியிலும் சம வாய்ப்போடு விழும் என்றால், எந்த எண் எதன் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

"37-க்கும் 38-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 17 என்ற எண்ணில் ஒருவர் காசு வைக்கிறார். ஐரோப்பியச் சக்கரத்தில் அது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 2.70. அமெரிக்கச் சக்கரத்தில் 2.63. கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. அப்படியிருந்தும் கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இது ஒருவருக்குப் புரிந்துவிட்டால் ரூலெட்டின் கணக்கு முழுவதும் புரிந்த மாதிரி.

விடை சக்கரத்தில் இல்லை, பணம் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லையைச் சில்லு என்பார்கள். தனி எண்ணில் ஒரு சில்லு வைத்து வென்றால் 35 சில்லு தருவார்கள். வைத்த சில்லும் திரும்பி வரும். கைக்கு வருவது 36. இந்த 36 எங்கிருந்து வந்தது? பூஜ்யமே இல்லாத, 36 குழி மட்டுமே உள்ள ஒரு சக்கரத்துக்கு ஏற்ற தொகை அது. அப்படி ஒரு சக்கரம் இருந்தால் ஆட்டம் முழு நியாயமாக இருக்கும். யாருக்கும் லாபமில்லை, நட்டமில்லை. பச்சைக் குழியைச் சேர்த்தபோது தொகையையும் கூட்டியிருக்க வேண்டும். கூட்டவில்லை. இரண்டாவது பச்சைக் குழி சேர்ந்தபோதும் கூட்டவில்லை. இருவகைச் சக்கரத்திலும் தொகை அதே 36-தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. குழிக்கு ஒன்றாக எல்லாக் குழிகளுக்கும் சில்லு வைத்துவிடுங்கள். ஐரோப்பிய மேசையில் 37 சில்லு வைக்கிறீர்கள். பந்து எங்கே விழுந்தாலும் ஒரு எண் வென்றே தீரும். 36 திரும்பி வரும். போனது ஒன்று. அமெரிக்க மேசையில் 38 வைக்கிறீர்கள். அங்கும் 36 திரும்பி வரும். போனது இரண்டு. அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. 37-ல் 1 என்பது 2.70 விழுக்காடு, 38-ல் 2 என்பது 5.26 விழுக்காடு. வாய்ப்பு என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் 37 குழி 38 ஆயிற்று, அவ்வளவுதான். கேசினோவின் பக்கத்திலிருந்து பார்த்தால், விலை கொடுக்காத குழி ஒன்று இரண்டாயிற்று. அதனால்தான் வேறுபாடு ஒரு பக்கம் கண்ணில் படாததாகவும் மறுபக்கம் இரட்டிப்பாகவும் இருக்கிறது.

இனி ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். 37-ஐ 38-ஆல் பெருக்கினால் 1406. இந்த எண்ணை வேண்டுமென்றே எடுத்தேன். இரண்டு சக்கரங்களுக்கும் மீதியில்லாமல் வகுபடும். இரண்டு பேர், ஆளுக்கு 1406 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பில் ஒரே ஒரு சில்லு. சிவப்பு வந்தால் ஒரு சில்லு லாபம், வராவிட்டால் வைத்தது போய்விடும். ஐரோப்பிய மேசைக்காரருக்குச் சராசரியாக ஒவ்வொரு குழியிலும் 38 முறை பந்து விழும். சிவப்பு 684 முறை, கறுப்பு 684 முறை. இவை ஒன்றையொன்று அடித்துவிடும். பூஜ்யம் விழுந்த 38 முறையும் அவர் சில்லை இழக்கிறார். நட்டம் 38. அமெரிக்க மேசைக்காரருக்கு ஒவ்வொரு குழியிலும் 37 முறை. சிவப்பு 666, கறுப்பு 666, இவையும் அடிபட்டுப்போகும். இரண்டு பச்சைக் குழிகளிலும் சேர்த்து 74 முறை. நட்டம் 74. மணிக்கு 38 சுற்று என்று வைத்தால் இது 37 மணி நேர ஆட்டம்.

இந்த இடத்தில் பலர் தவறு செய்வதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2.70 விழுக்காடு என்றதும், நூறு சில்லோடு உள்ளே போனால் மூன்று சில்லுக்குள்தான் போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த விழுக்காடு கையில் கொண்டுபோன பணத்தின் மேல் அல்ல, மேசையில் வைத்த மொத்தப் பணத்தின் மேல். நம் கணக்கில் வைத்த மொத்தம் 1406 சில்லு. அதே சில்லுதான் போவதும் வருவதுமாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் கேசினோவின் பங்கு கழிவாகப் போகிறது. நூறு சில்லோடு வந்தவருக்கு ஒரு மேசையில் சராசரியாக 38 போகிறது, மற்றொன்றில் 74 போகிறது. நூறில் ஏறக்குறைய முக்கால் பங்கு! கூடுதலாகப் போன 36-ம் ஒரே ஒரு குழியால்.

ஆனால் இந்த வேறுபாட்டை ஆடுகிறவரால் உணர முடியாது. எனக்கு இதுவே மிகவும் கவலை தருவது. ஒருநாள் மாலையில் ஒருவர் நூறு சுற்று ஆடுகிறார், சுற்றுக்கு ஒரு சில்லு சிவப்பில். சராசரி நட்டம் ஒரு மேசையில் 2.7, மற்றொன்றில் 5.3. ஆனால் நூறு சுற்றில் வெறும் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமே ஏறத்தாழப் பத்துச் சில்லு இருக்கும். அந்த அலையில் இரண்டரைச் சில்லு வேறுபாடு மூழ்கிப்போகும். ஐரோப்பிய மேசையில் நூறு சுற்று ஆடி எழுகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 36 பேர் லாபத்தோடு போவார்கள். அமெரிக்க மேசையில் சுமார் 27 பேர். அந்த 27 பேரில் ஒருவரைக் கேட்டால், இரட்டைப் பூஜ்யச் சக்கரம் எனக்கு நன்றாகவே இருந்தது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு மாலை என்பது இதைத் தெரிந்துகொள்ளப் போதாது. பத்தாயிரம் சுற்றுக்குப் போனால் படம் தெளிவாகும்: அலை நூறு சில்லு, சராசரி நட்டமோ 270-ம் 526-ம். அங்கே லாபத்தோடு எழுகிறவர் ஐரோப்பிய மேசையில் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர். அமெரிக்க மேசையில் ஏறக்குறைய ஒருவரும் இல்லை.

சில ஐரோப்பிய மேசைகளில் இன்னொரு விதியும் உண்டு. பிரெஞ்சில் லா பார்தாஜ் என்பார்கள், பகிர்ந்துகொள்வது என்று பொருள். சிவப்பு கறுப்பு, ஒற்றை இரட்டை போன்ற சமத்தொகைப் பந்தயங்களில் பூஜ்யம் விழுந்தால் பாதியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். நம் 1406 சுற்றில் 38 போன இடத்தில் 19 மட்டுமே போகும். கழிவு 1.35 விழுக்காடு. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டியின் இரட்டைப் பூஜ்ய மேசைகளிலும் இதுபோலப் பாதி தருகிற விதி உண்டு, அங்கே 5.26 பாதியாகி 2.63 ஆகிறது. தனி எண்ணில் வைப்பவருக்கு இந்தச் சலுகை எங்கும் பொருந்தாது.

ஒற்றைப் பூஜ்யம் எப்படி வந்தது என்று சிலர் கேட்கலாம். பாரிசில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆடிய ரூலெட்டில் 0, 00 இரண்டுமே இருந்தன. ஆக, அமெரிக்கர் ஒரு குழியைச் சேர்த்தார்கள் என்பதைவிட ஐரோப்பியர் ஒன்றை எடுத்தார்கள் என்பதே சரி. கேசினோ நடத்திய பிளாங்க் சகோதரர்கள் 1840-களில் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தை வைத்தார்கள். மற்ற ஊர்களின் மேசைகளிலிருந்து ஆட்களை இழுக்கவே அதைச் செய்தார்கள். பிறகு பிரான்சுவா பிளாங்க் 1863-ல் மான்டே கார்லோ கேசினோவை ஏற்று நடத்தியபோது அந்தச் சக்கரம் அங்கும் போயிற்று. போட்டி இருந்த இடத்தில் பூஜ்யம் குறைந்தது. இதற்கு எதிர்த்திசையில், லாஸ் வேகாஸில் 2016 முதல் மூன்று பச்சைக் குழியுள்ள சக்கரங்களும் வந்திருக்கின்றன. 39 குழி, தொகை அதே 36, கழிவு 39-ல் 3, அதாவது 7.69 விழுக்காடு.

அமெரிக்க மேசையில் மட்டும் உள்ள ஒரு பந்தயத்தையும் சொல்ல வேண்டும். 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்து எண்களை ஒரே சில்லால் மூடலாம். மற்றப் பந்தயங்கள் எல்லாம் 5.26-லேயே நிற்கின்றன, இது மட்டும் நிற்காது. காரணம் வெறும் வகுத்தல்தான். இரண்டு எண்ணுக்கு 18, மூன்றுக்கு 12, நான்குக்கு 9, ஆறுக்கு 6 என்று 36 அழகாக வகுபடும். ஐந்தால் வகுபடாது. 7.2 தர வேண்டிய இடத்தில் 7 தருகிறார்கள். 38 சுற்றில் ஐந்து முறை வென்று 35 பெறுவார், மூன்று போய்விடும். 7.89 விழுக்காடு. இரட்டைப் பூஜ்ய மேசையில் இதைவிட மோசமான பந்தயம் இல்லை.

எனவே மேசையின் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். சக்கரத்தில் பச்சைக் குழிகளை எண்ணிப் பாருங்கள். அதோடு தனி எண்ணுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் படியுங்கள். ஒரு பூஜ்யமே உள்ள சக்கரத்தில் 35-க்குப் பதில் 34 மட்டும் தந்தால், கைக்கு வருவது 35. 37-ல் 2 போய்விடும். 5.41 விழுக்காடு. பச்சைக் குழி ஒன்றுதான், கழிவோ இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தைவிடவும் கொஞ்சம் கூடுதல்.