ஏர்போர்ட்ல தங்கம் புடிச்சா எஃப்ஐஆரே கிடையாது! அந்த ஒரு ஸ்டேட்மெண்ட் பேப்பர்தான் எல்லாம்

வணக்கம் மக்களே! தேவகோட்டைத் தம்பி ஒருத்தன், சிங்கப்பூர்ல எட்டு மாசம் வேலை பாத்துட்டு திருச்சி ஏர்போர்ட்ல வந்து இறங்குறான்னு வச்சுக்குவோம். கிளம்புறப்ப ரூம்ல கூட இருந்த அண்ணன் ஒருத்தர், "தம்பி, இந்த செயினைக் கொண்டு போய்க் குடுத்துரு, வெளிய ஆள் நிப்பான், டிக்கெட் காசு நான் பாத்துக்கிறேன்"னு 400 கிராம் செயினைக் கையில குடுக்குறாரு. தம்பியும் அதை பேண்ட் இடுப்புக்குள்ள வச்சுக்கிட்டு கிரீன் சேனல்ல கெத்தா நடக்குறான். இவனைத்தான் நம்ம ஊர்ல குருவின்னு சொல்லுவாங்க. வெளிய நின்ன ஆளுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் ஆபீசர் வந்து நிக்கிறாரு. அவ்வளவுதான், படம் ஆரம்பம்!

பேக்ரவுண்டை வேகமா முடிச்சிருவோம். கிரீன் சேனல்ல காலை வச்சாலே "என்கிட்ட டூட்டி கட்டுற சாமான் ஒண்ணும் இல்ல"ன்னு நீங்க சொன்னதா அர்த்தம். ஒரு வருசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு பொம்பளைங்கன்னா 40 கிராம், ஆம்பளைங்கன்னா 20 கிராம் நகை டூட்டி இல்லாம கொண்டு வரலாம், நம்ம தம்பிக்கு எட்டு மாசம்தான், அதனால அதுவும் கிடையாது. பணமா இருந்தா, வெளிநாட்டு நோட்டு 5,000 டாலருக்கு மேலயோ, நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேத்து 10,000 டாலருக்கு மேலயோ போச்சுன்னா எழுதிக் குடுக்கணும். பணத்தோட கதை இதுக்கு மேல வேணாம், தங்கத்துக்கு வருவோம்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ஆறு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்த நம்ம ஆளுங்க, ஒரு கிலோ வரைக்கும் தங்கத்தை ரெட் சேனல்ல காட்டி, சலுகை டூட்டியை வெளிநாட்டுக் காசுல கட்டி, ராஜா மாதிரி வெளிய வரலாம். அந்தச் செயின் தம்பியோட சொந்த நகையா இருந்திருந்தா அவனுக்கும் அந்த வழி இருந்திருக்கும். நாலு எட்டு தள்ளிதான் அந்த கவுண்டர்!

சரி, ரூமுக்குள்ள என்ன நடக்குது? உடம்பைச் சோதிக்கிறதுக்கு முன்னாடியே, "கெசட்டட் ஆபீசர் இல்ல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சோதிக்கணும்"னு கேக்குற உரிமை தம்பிக்கு உண்டு. ரெண்டு சாட்சி வச்சு மகசர் எழுதுறாங்க. நகை மதிப்பீட்டாளர் வந்து உரசிப் பாத்து, எடை போட்டு, அன்னிக்கு ரேட்டுக்கு 60 லட்சம்னு எழுதுறாரு. நீங்க எல்லாரும் "அடுத்து எஃப்ஐஆர்"னு நினைப்பீங்க. கிடையவே கிடையாது. அடுத்து வர்றது, வந்து வாக்குமூலம் குடுன்னு சொல்ற சம்மன், சுங்கச் சட்டம் 108வது பிரிவு.

இங்கதான் நான் கொஞ்ச நேரம் உக்காரப் போறேன், ஸ்கிப் பண்ணிராதீங்க.

போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தன் "ஆமா சார், நான்தான் திருடுனேன்"னு பத்துப் பக்கம் எழுதிக் குடுத்தாலும், அதைக் கோர்ட்ல அவனுக்கு எதிரா சாட்சியமா வைக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்துல 25வது பிரிவு, இப்ப வந்த புதுச் சட்டத்துல 23. ஆனா கஸ்டம்ஸ் ஆபீசர் போலீஸ் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 1960கள்லேயே சொல்லிருச்சு. அவர் வரி பாக்குற ஆபீசர், அவ்வளவுதான். அதனால தம்பி நடுராத்திரி தூக்கக் கலக்கத்துல "தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன், 20,000 தர்றேன்னு சொன்னாங்க"ன்னு தன் கையாலேயே எழுதி கையெழுத்துப் போட்டான் பாருங்க, அது நேரா சாட்சியம்! அதுலயும் அங்க உண்மையைத்தான் சொல்லணும்னு சட்டம், பொய் சொன்னா அது தனிக் குத்தம். "என் வக்கீலைப் பக்கத்துல உக்கார வைங்க"ன்னு கேக்கலாமே? 1992ல பூல்பாண்டி கேஸ்ல (பேரைப் பாத்தாலே நம்ம பக்கம்னு தெரியுதுல்ல!) விசாரணையில வக்கீல் கூட இருக்கணும்ங்கிறது உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட்ல சொல்லிட்டாங்க.

அப்ப அடிச்சு எழுதி வாங்குனா? அது செல்லாது. வற்புறுத்தாம தானா குடுத்த வாக்குமூலமான்னு கோர்ட் பாக்கும். அதனாலதான் வெளிய வந்த உடனே, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறப்பவே, "மிரட்டி வாங்குனாங்க"ன்னு சொல்லிறணும். எட்டு மாசம் கழிச்சு டிபார்ட்மெண்ட் நோட்டீசுக்குப் பதில் எழுதுறப்ப முதல் தடவையா சொன்னா ஜட்ஜ் நம்புவாரா? நானா இருந்தா நம்ப மாட்டேன்.

அடுத்த அடி அதே சுங்கச் சட்டத்தோட 123வது பிரிவு. திருட்டு கேஸ்ல இது திருட்டு நகைன்னு போலீஸ்தான் நிரூபிக்கணும். இங்க கஸ்டம்ஸ் நியாயமான சந்தேகத்துல தங்கத்தைப் புடிச்சிட்டா, இது கடத்தல் தங்கம் இல்லன்னு *நீங்க* நிரூபிக்கணும். ரசீது எங்க, காசு எங்கேருந்து வந்துச்சு, டூட்டி கட்டுனியா? தம்பிகிட்ட இருக்கிறது அந்த அண்ணனோட வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான், அதுவும் இப்ப சுவிட்ச் ஆஃப்.

இப்ப கேஸ் ரெண்டு தண்டவாளத்துல ஓடும். ஒண்ணு டிபார்ட்மெண்டுக்குள்ள: புடிச்ச ஆறு மாசத்துக்குள்ள, ஏன் பறிமுதல் பண்ணக் கூடாதுன்னு விளக்கம் கேக்குற ஷோகாஸ் நோட்டீஸ் குடுக்கணும், காரணம் எழுதி இன்னும் ஆறு மாசம் நீட்டலாம், அதையும் தாண்டுனா தங்கத்தைத் திருப்பிக் குடுக்கணும். நோட்டீஸ் வந்து, விசாரிச்சு, தங்கத்தைப் பறிமுதல் பண்ணி பெனால்டி போடுவாங்க, மீட்புத் தொகை கட்டி எடுத்துக்கன்னும் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். ஒளிச்சு வச்சுக் கொண்டு வந்த தங்கத்துக்கு பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது கோர்ட்டு: இதுக்குக் கமிஷனர் அனுமதி வேணும், சார்ஜ்ஷீட் கிடையாது, டிபார்ட்மெண்டே மாஜிஸ்ட்ரேட்கிட்ட புகார் தாக்கல் பண்ணும். டிபார்ட்மெண்டோட 2022 வழிகாட்டுதல்படி இந்த மாதிரி கேஸ்ல 50 லட்சத்துக்கு மேல இருந்தாத்தான் சாதாரணமா கோர்ட்டுக்குப் போவாங்க, திரும்பத் திரும்ப செய்றவன்னா அது வேற. தம்பியோடது 60 லட்சம், மாட்டிக்கிட்டான். மூணு வருசம் வரைக்கும் ஜெயில், மதிப்பு ஒரு கோடியைத் தாண்டிருந்தா ஏழு வருசம்.

"தங்கமும் போச்சு, பெனால்டியும் கட்டியாச்சு, மறுபடி ஜெயிலா? ஒரே குத்தத்துக்கு ரெண்டு தண்டனையா?"ன்னு கமெண்ட்ல சண்டைக்கு வரப் போறீங்க, தெரியும். இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டுட்டாரு! 1949 நவம்பர்ல ஜெட்டாவுலேருந்து பம்பாய் சாந்தாகுரூஸ் ஏர்போர்ட்ல இறங்குன மக்பூல் ஹுசைன், சொல்லாம கொண்டு வந்தது 107.2 தோலா தங்கம். சும்மா சொல்லக் கூடாது, ஒரு கிலோவுக்கு மேல! கஸ்டம்ஸ் பறிமுதல் பண்ணிட்டு, 12,000 ரூபா கட்டுனா எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. அப்புறம் அந்நியச் செலாவணிச் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயும் கேஸ் போட்டாங்க. அவர் அரசியல் சாசனம் 20வது பிரிவைத் தூக்கிக்கிட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாரு. 1953ல தீர்ப்பு: கஸ்டம்ஸ் அதிகாரி கோர்ட் இல்ல, அவர் பண்ண பறிமுதல் கோர்ட் குடுத்த தண்டனை இல்ல, அதனால ரெண்டாவது தண்டனைங்கிற பேச்சே வராது. எழுபது வருசம் தாண்டியும் தம்பியோட வக்கீலுக்கு முன்னாடி நிக்கிறது இந்தத் தீர்ப்புதான். எனக்கென்னமோ இது கொஞ்சம் கறாரான தீர்ப்பாத்தான் படுது, உங்களுக்கு?

ஆனா ஒரு சந்து இருக்கு. டிபார்ட்மெண்ட் விசாரணையிலேயே "இது கடத்தலே இல்ல"ன்னு ஆதாரத்தோட ஜெயிச்சு வந்துட்டா, அதே விஷயத்துக்குக் கோர்ட்டுல கேஸை ஓட்ட முடியாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அதனால ஷோகாஸ் நோட்டீஸை "ஃபைன் கட்டிட்டுப் போவோம்"னு அலட்சியமா விடாதீங்க, பதிலை ஒழுங்கா எழுதுங்க.

கடைசியா காரைக்குடி, பள்ளத்தூர் பக்கத்து ஆச்சிமாருக்கு மட்டும் ஒண்ணு. மலேசியாவுல பேரன் கல்யாணத்துக்குக் கழுத்தூரு எடுத்துட்டுப் போறீங்களா? போறப்பவே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிருங்க ஆச்சி, நகை மதிப்பீட்டுச் சீட்டும் போட்டோவும் கையில வச்சுக்குங்க, விமானத்துக்கு ரெண்டு மணி நேரம் கூடுதலா முன்னாடி போங்க. திரும்பி வர்றப்ப அந்தச் சீட்டை நீட்டுனா போதும். வீட்ல யாராவது இந்த மாசம் கிளம்புறாங்கன்னா இந்த வீடியோவை இப்பவே அவங்களுக்கு அனுப்பிருங்க.