திட்டாமல் சொல்லும் ஐந்து தவறுகள்: ஒரு தோசைக்கல் கரோசலைப் பிரித்து மேய்வோம்

எல்லாருக்கும் வணக்கம். ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், சென்னை வெயிலில் அதை நிறுத்திவிட்டுப் பேச முடியாது.

இன்றைக்கு ஒரே ஒரு கரோசல்தான், அதாவது ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிப் பார்க்கும் பதிவு. ‘தவிர்க்க வேண்டிய 5 தவறுகள்’ என்று இன்ஸ்டாகிராமில் எல்லாரும் போடுகிறார்களே, அந்த வகை. பெரம்பூரில் ஒரு அக்கா இரும்புத் தோசைக்கல்லும் வார்ப்பிரும்புக் கடாயும் ஆன்லைனில் விற்கிறார். அவர் எழுதி அனுப்பிய முதல் வரைவைத் திரையில் போடுகிறேன், பாருங்கள். ஒன்று, கல்லைச் சரியாகப் பழக்காதது. இரண்டு, பராமரிக்காதது. மூன்று, தவறாகக் கழுவுவது. நான்கு, அவசரப்படுவது. ஐந்து, மலிவான கல் வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று ஒரு வரி.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர் படித்தால் என்ன ஆகும்? ‘சரியாகப் பழக்காதது’ என்றால், நான் பழக்கியது சரியா தப்பா? அவருக்குத் தெரியாது. தப்பு நம்முடையதுதான் போல என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். அதுவும் அந்த அக்காவிடம் காசு கொடுத்து வாங்கியவர்.

அதனால் நான் ஒவ்வொரு தவறுக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். படிப்பவர் அடுப்படிக்குப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு ‘ஆமாம், இதுதான் எனக்கு நடந்தது’ அல்லது ‘இல்லை, இது என் பிரச்சினை இல்லை’ என்று சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அது இன்னும் தவறு ஆகவில்லை, வெறும் தலைப்பாக நிற்கிறது.

முதல் தவறை எடுத்துக்கொள்வோம். ‘சரியாகப் பழக்காதது’ என்றால் நிஜத்தில் என்ன என்று அக்காவைக் கேட்டேன். அவர் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார். வாடிக்கையாளர்கள் அனுப்பிய குரல் செய்திகளில் பாதி ஒரே ரகம்: “கல் பிசுபிசுன்னு இருக்கு, கை வைத்தா ஒட்டுது.” இதுதான் சரக்கு. கரோசல் எழுத உட்காரும் முன் யோசிக்க வேண்டாம், உங்கள் இன்பாக்ஸைப் படியுங்கள். தவறின் அறிகுறியை வாடிக்கையாளர் ஏற்கெனவே தன் வார்த்தையில் சொல்லியிருப்பார்.

பிசுபிசுப்புக்குக் காரணம் அதிக எண்ணெய். இரும்பைப் பழக்கும்போது எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகிக் கெட்டியாகிறது. அந்தக் கறுப்புப் பூச்சுதான் தோசையை ஒட்டாமல் எடுத்துத் தருகிறது. படலம் தடிமனாக இருந்தால் முழுதும் இறுகாமல் பசை மாதிரி நின்றுவிடும். சரி, ஏன் அதிகமாக ஊற்றுகிறார்கள்? எண்ணெய் நிறைய குடித்தால் கல் நன்றாகப் பழகும் என்று நினைப்பது நியாயம்தானே, வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்த நியாயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் திட்டு தானாகக் கரைந்துவிடும். அப்புறம் ‘கவலைப்படாதீர்கள்’ என்றெல்லாம் சர்க்கரை தடவ வேண்டியதில்லை.

இப்போது ஸ்லைடு இப்படி ஆகிறது, திரையில் பாருங்கள்.

மேலே பெரிய எழுத்தில்: ‘கல் பிசுபிசுக்கிறதா? எண்ணெய் கூடிவிட்டது.’

நடுவில்: ‘நிறைய ஊற்றினால் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் தடித்த எண்ணெய் முழுதும் இறுகாது.’

கீழே, வேறு நிறத்தில்: ‘சில சொட்டு தடவி, காய்ந்த துணியால் எண்ணெயே இல்லை எனத் தோன்றும்வரை துடையுங்கள். புகை நிற்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். 3, 4 முறை செய்யுங்கள்.’

ஒன்று கவனித்தீர்களா? இது இனிமேல் பழக்கப்போகிறவருக்கான தீர்வு. ஏற்கெனவே பிசுபிசுத்த கல்லை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு? பெரும்பாலான கரோசல்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். எப்படித் தவிர்ப்பது என்று சொல்கிறார்கள், நடந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்வதில்லை. அந்த மௌனம்தான் படிப்பவருக்குத் திட்டாகக் கேட்கிறது. அதனால் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தோம்: ‘ஏற்கெனவே பிசுபிசுத்துவிட்டதா? கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் காயவைத்து, மேலே சொன்னபடி திரும்பத் தொடங்குங்கள்.’ இந்த வரிக்கு இடமில்லை என்றால் நடு வரியைச் சுருக்குங்கள், இதை வெட்டாதீர்கள்.

அடுத்து, இரண்டையும் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘பராமரிக்காதது’ என்றால் என்ன அக்கா என்றால், “கழுவிட்டு அப்படியே கவுத்து வைக்கிறாங்க, காலையில துரு” என்கிறார். ‘தவறாகக் கழுவுவது’ என்றால், “ராத்திரி முழுக்கச் சிங்க்ல ஊற வைக்கிறாங்க, துரு.” இரண்டுக்கும் காரணம் தண்ணீர், இரண்டுக்கும் தீர்வு ஒன்றேதான்: கழுவியதும் சிறு தீயில் ஈரம் முழுதும் போகும்வரை வைத்து, சூடு இருக்கும்போதே ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பது. தீர்வு ஒன்றாக இருந்தால் தவறும் ஒன்றுதான். ஐந்து என்ற கணக்குக்காக அதை இரண்டாக உடைத்தால், நான்காவது ஸ்லைடிலேயே ‘இதைத்தானே முன்னாடியும் சொன்னார்கள்’ என்று விரல் மேலே தள்ளிப் போய்விடும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வரி கூடுதலாக வைத்தோம்: ‘கடற்கரைப் பக்கம் வீடு என்றால் துணியால் துடைத்தது போதாது, அடுப்பில் காயவையுங்கள்.’ உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் செம்பழுப்பாகும் என்று திருவான்மியூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரு வந்துவிட்டவருக்கு: தேங்காய் நாரோ ஸ்டீல் ஸ்கிரப்பரோ போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மறுபடி பழக்கலாம். மேல்துரு வந்ததற்காகக் கல்லைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அக்காவே சிரித்தார், பாதிப் பேர் புதுக்கல் கேட்டு வருவார்களாம்.

இந்த இடத்தில் வரைவில் ‘சோப்பே போடக்கூடாது’ என்று இருந்தது. எடுத்துவிட்டோம். நன்றாக இறுகிய பூச்சைக் கொஞ்சம் பாத்திர சோப்பு ஒன்றும் செய்யாது. ஊற வைப்பதும் முரட்டுத்தனமாகச் சுரண்டுவதும்தான் கெடுக்கும். திட்டும் கரோசல்களில் இந்த மாதிரிப் பழைய தடைகள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும். தவறு என்று எழுதும் ஒவ்வொன்றுக்கும், அது ஏன் கெடுக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல வராவிட்டால் பட்டியலில் வைக்க வேண்டாம்.

‘அவசரப்படுவது’. இதைப் பார்த்ததும் எனக்கே கோபம் வந்தது. காலை ஏழரைக்கு ஒரு பக்கம் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ், இன்னொரு பக்கம் ஆபீஸ், அவசரப்படாமல் என்ன செய்வார்கள்? குணத்தைக் குறை சொல்லாமல், செய்கையைச் சொல்லுங்கள். செய்கை என்ன? கல் காய்வதற்குள் மாவை ஊற்றுவது. அறிகுறி, முதல் தோசை பிய்ந்து வருவது. தீர்வு, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. மெதுவாகக் குமிழி விட்டால் இன்னும் காயவில்லை. சுர்ரென்று உடனே ஆவியானால் சரி, எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு ஊற்றலாம். மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தால் சூடு கூடிவிட்டது, தீயைக் குறையுங்கள். அவ்வளவுதான். அவசரக்காரருக்கும் இந்தச் சோதனை சில நொடிதான்.

ஐந்தாவது, ‘மலிவான கல் வாங்குவது’. இது தவறே இல்லை, விளம்பரம். அக்கா முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாங்கி முடித்தவரிடம் வாங்கியது தப்பு என்றால் அவர் அதற்கு வீட்டில் என்ன செய்ய முடியும்? தீர்வு இன்னொரு கல் வாங்குவது என்றால் அந்த ஸ்லைடு போக வேண்டியதுதான். தேவையானால் மீதமுள்ள மூன்றோடு நிறுத்துங்கள், ‘3 தவறுகள்’ என்று போட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஆனால் இங்கே நிஜமாகவே இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று, தோசைக்கல்லிலேயே சப்பாத்தி போடுவது. எண்ணெய் இல்லாத பலத்த சூடு பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும், கருகிய மாவும் ஒட்டி நிற்கும், மறுநாள் தோசை எழாது. ‘தனிக்கல் வாங்குங்கள்’ என்று அக்கா எழுதப் பார்த்தார், தடுத்துவிட்டேன். ஒரே கல் உள்ளவருக்கு: மாவைத் துடைத்து, எண்ணெய் தடவி, முதலில் எண்ணெய் விட்டு ஒரு ஊத்தப்பம் போடுங்கள். இன்னொன்று, புதுக்கல்லில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைக் கழுவாமலே பழக்கத் தொடங்குவது. தீர்வு, வெந்நீரும் சோப்பும் போட்டு ஒரு தேய்ப்பு. இதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது வரிசை. கால வரிசைப்படி புதுக்கல்லைக் கழுவுவதுதான் முதலில் வர வேண்டும். நான் பிசுபிசுப்பை முன்னால் வைத்தேன். முதல் ஸ்லைடைப் பார்த்துத் தள்ளாமல் போனவர்களுக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டும். அதனால் இரண்டாவது ஸ்லைடு தனியாக நின்றே வேலை செய்ய வேண்டும். அதிகம் பேர் கேட்ட கேள்வி அங்கேதான் இருக்கணும்.

அதே காரணத்துக்காகத்தான் தவறும் தீர்வும் ஒரே ஸ்லைடில். தவறு ஒன்றில், தீர்வு அடுத்ததில் என்று பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால்? தீர்வு இல்லாமல் குற்றச்சாட்டு மட்டும் போய்ச் சேரும். மாமியார் மருமகளுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அட்டை ஸ்லைடு சுருக்கமாக. ‘நீங்கள் செய்யும் 5 தவறுகள்’ என்பதற்குப் பதில் ‘தோசை ஒட்டுகிறதா? இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம்’ என்று வைத்தோம். அளவு 1080-க்கு 1350. புரொஃபைல் கட்டத்தில் இரு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படும், எழுத்தை ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே ஒரு ஸ்லைடுக்கு 35 சொல்லைத் தாண்டினால் தமிழ் எழுத்து போனில் பொடியாகிவிடும். எண்ணெய் ஸ்லைடு தாண்டியது, அதனால் ‘ஏற்கெனவே பிசுபிசுத்துவிட்டதா’ வரியைப் படத்தின் மேல் தனிப் பட்டையாக வைத்து, நடு வரியை ‘நிறைய ஊற்றத் தோன்றும், ஆனால் தடித்த எண்ணெய் இறுகாது’ என்று சுருக்கினோம்.

கடைசி ஸ்லைடில் ‘எங்களிடம் வாங்குங்கள்’ வேண்டாம். ‘உங்கள் கல்லில் இதில் எதுவும் இல்லையா? ஒரு படம் அனுப்புங்கள்’ என்று போட்டிருக்கிறோம். வரும் படங்களில் இந்த ஐந்தில் சேராத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த கரோசலின் இரண்டாவது ஸ்லைடு அதுதான். உங்கள் வரைவுகளைக் கமெண்டில் போடுங்கள், ஒன்றை எடுத்து அடுத்த வாரம் இதே மாதிரி பிரித்துப் பார்க்கலாம்.