38 மணி நேரம் கரண்ட் இல்லை: இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டருக்கும் என் வீட்டில் நடந்த பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. இந்த வாரம் மாடித் தோட்டம் பாகம் ரெண்டு போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது இல்லை. தோட்டத்தில் பாதித் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி 7.40க்கு அடித்த காற்றில் தெருமுனைக் கம்பம் சாய்ந்து, வியாழன் காலை 9.40க்குத்தான் கரண்ட் வந்தது. எண்ணிப் பாருங்கள், சரியாக 38 மணி நேரம். 2018இல் கஜா வந்தபோது எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அப்போது என்னிடம் இன்வெர்ட்டரும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. இப்போது ரெண்டும் இருந்தும் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வீடியோ.

பழைய ஆட்களுக்கு என் செட்டப் தெரியும். 900 வி.ஏ. சைன்வேவ் இன்வெர்ட்டர், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று, திறந்த கம்பிக்கூட்டில் இருக்கிறதே, அந்த மாதிரி. சைலன்ட் மாடல் இல்லை. அப்போது காசு இல்லை, இப்போது காது இல்லை.

முதல் ராத்திரி இன்வெர்ட்டர் ராஜா மாதிரி ஓடியது. ரெண்டு பி.எல்.டி.சி. ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்பு, வைஃபை பெட்டி, எல்லாம் சேர்த்து 100 வாட்டுக்குப் பக்கம். "மூவாயிரம் கொடுத்து ஒரு ஃபேனா" என்று கமெண்டில் கிழித்தீர்கள் இல்லையா? சாதாரண ஃபேன் 75 வாட் தின்னும், இது 30. பேட்டரியில் ஓடும்போதுதான் அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 வாட் எடுத்தால், இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் போகும். எட்டு மணி நேரத்துக்கு 80 ஏ.எச். அதைத் திரும்ப ஏற்ற, சார்ஜில் வீணாவதையும் சேர்த்து ஒன்றே முக்கால் யூனிட் வரை ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 14 ரூபாய். அதே 100 வாட்டை ஜெனரேட்டரில் ஓட்டினால்? என் மிஷின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டரை ஒட்டிக் குடிக்கும். 50 ஹெர்ட்ஸ் கொடுக்க எஞ்சின் எப்போதும் 3000 சுற்றில் ஓடியாக வேண்டும், நீங்கள் ஒரு பல்பு போட்டாலும் சரி, மோட்டார் போட்டாலும் சரி. எட்டு மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர், லிட்டர் 101 என்றால் 350 ரூபாய்க்கு மேல். 14 எங்கே, 350 எங்கே! ரெண்டு ஃபேனுக்காக ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு நான் கொடுத்தது 15,000. ஐந்து வருஷம் உழைத்தால் ஒரு நாளைக்கு எட்டு ரூபாய், கரண்ட் போனாலும் போகாவிட்டாலும். ஜெனரேட்டர் பெட்ரோல் ஊற்றினால்தான் தின்னும். மூலையில் கிடந்தால் செலவே இல்லை என்று நானும் நினைத்தேன். அங்கேதான் வினையே.

புதன் காலை அம்மா இன்வெர்ட்டரிலேயே மிக்ஸியைப் போட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டார்கள். பேட்டரி பாதிக்கு வந்திருந்த நேரம். 'பீப் பீப்' என்று கத்தித் தள்ளியது. மத்தியானத்துக்குள் சுத்தமாகப் படுத்துவிட்டது. தொட்டியில் தண்ணீரும் தீர்ந்தது. சரி, நம் சிங்கத்தை எடுப்போம் என்று ஜெனரேட்டரை இழுத்தேன். ஐந்து இழுப்பு, பத்து இழுப்பு, தோள்பட்டை கழன்றது. சோக்கைத் தூக்கியபடி இழுத்தால் 'டுப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "கார்புரேட்டர் சர்வீஸ், 850 ரூபாய், நாளைக்குத்தான் வர முடியும்" என்றார். எண்ணூற்று ஐம்பது!

தப்பு என்னுடையதுதான். போன மழைக்காலத்தில் ஊற்றிய பெட்ரோல் பத்து மாதமாக உள்ளேயே கிடந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பெட்ரோலும் கெட்டுப்போய் கோந்து மாதிரி ஆகும். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தாலே தெரியும், பெட்ரோல் வாசனை போய்ப் பழைய வார்னிஷ் நாற்றம் வரும்.

கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், ஒரே ஒரு போல்ட். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு அதைக் கழற்றினால், உள்ளே வெல்லப்பாகு மாதிரி மஞ்சளாக ஒரு படலம். நடுவில் பித்தளையில் மெயின் ஜெட். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை தெரியவே இல்லை. ஊசி போட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். பழைய ஸ்பீக்கர் ஒயரை உரித்து, முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து நுழைத்தேன். முதல் தடவை வளைந்தது. ரெண்டாவது தடவை வளைந்தது. மூன்றாவது தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது மக்களே! ஊதினேன், ஒரு புள்ளி வெளிச்சம் வந்தது. இந்த ஒரு புள்ளியை மட்டும் க்ளோஸப்பில் நாற்பது விநாடி வைத்திருக்கிறேன், யாரும் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். புதுப் பெட்ரோல் ஊற்றி மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட். செலவு பூஜ்யம்.

புதுப் பெட்ரோல் வாங்கியது தனிக்கதை. பங்க்கில் பாட்டிலில் தர மாட்டேன் என்றார்கள். அவர்கள் சொல்வது சரிதான். பைக்கில் ஊற்றிக்கொண்டு வந்து டியூபைக் கழற்றிப் பிடித்தேன்.

அடுத்த சத்தம். போனில் டெசிபல் ஆப் போட்டுப் பார்த்தேன், துல்லியமாக இருக்காது, ஆனாலும் பக்கத்தில் 80ஐத் தாண்டியது. எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்து, "ஏண்டா தம்பி, ரைஸ் மில்லு எப்ப ஆரம்பிச்ச?" என்றார்கள். இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய உறுமல் மட்டும்தான்.

சத்தத்தையாவது பொறுக்கலாம். புகை அப்படி இல்லை. தூறல் இருந்ததால் முதலில் போர்டிகோவில் வைத்தேன். ஒரு கால் மணி நேரம்தான் இருக்கும். ஹாலில் இருந்த அம்மா தலை கனக்கிறது என்றார்கள். காற்று வீட்டுப் பக்கம் அடித்திருக்கிறது. உடனே அணைத்துவிட்டு, அம்மாவை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தேன், சற்று நேரத்தில் சரியானது. நாம் முகர்கிற புகை நாற்றம் வேறு. ஆளைக் கொல்லுகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்கிற கதையெல்லாம் வேண்டாம். வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மொட்டை மாடிப் படிக்கட்டு, பால்கனி, ஷட்டர் போட்ட கடை, எதிலும் கூடாது. தென்னை மரத்தடியில் நாலு கம்பு நட்டு மேலே ஒரு தகரம், சுற்றிலும் திறப்பு. அங்கேதான் இப்போது அது குடியிருக்கிறது.

பேட்டரியிலும் வாயு வரும் என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், சார்ஜ் நிறையும் நேரத்தில் ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கிற வாயு. அதனால் பேட்டரியை அலமாரிக்குள் பூட்டக் கூடாது. குமிழிச் சத்தம் கேட்பது சகஜம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால்தான் ஆபத்து, அதிகமாக சார்ஜ் ஏறுகிறது அல்லது செல் போய்விட்டது. அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி, ஒன்றை விட்டுவிட்டேன், இது முக்கியம். ஜெனரேட்டரை வீட்டு லைனில் சேர்க்க என் வீட்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்று தெருக் கரண்ட், இல்லை ஜெனரேட்டர், ரெண்டும் சேராது. ரெண்டு பக்கமும் ஆண் பின் வைத்த ஒயரைச் சுவர் ப்ளக்கில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செருகினால் ஜெனரேட்டர் கரண்ட் வெளிக்கம்பிக்கும் போகும். கம்பத்தில் நம் வீட்டுக்காக ஏறி நிற்கிற லைன்மேன் மேல்தான் பாயும்.

இனிமேல்தான் நான் கண்டுபிடித்தது. ஜெனரேட்டரில் மோட்டார், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் போட்டு, கூடவே இன்வெர்ட்டரையும் சார்ஜில் விட்டேன். எப்படியும் 3000 சுற்றில் ஓடுகிற எஞ்சின், வேலையாவது செய்யட்டுமே. ஆனால் இன்வெர்ட்டர் 'டக் டக்' என்று மாறிக்கொண்டே இருந்தது, சார்ஜ் ஏறவில்லை. அரை எச்.பி. மோட்டார் எடுக்கும்போது வோல்ட் 180க்குக் கீழே இறங்குகிறது, இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்று நினைத்துக்கொள்கிறது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, ஒரு பக்கம் யூ.பி.எஸ்., மறுபக்கம் நார்மல். யூ.பி.எஸ்.ஸில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்கு மாறிவிடும், நார்மல் அதைப் பொறுத்துக்கொள்ளும். மூன்று வருஷமாக யூ.பி.எஸ்.ஸிலேயே இருந்திருக்கிறது. நார்மலில் தள்ளினேன், சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டர் மட்டும் அப்போது ஓடக் கூடாது, மாறுகிற நேரம் அதிகம், அணைந்துவிடும்.

நாலு மணியிலிருந்து ஏழு வரை ஓட்டினேன். பெட்ரோல் ஒன்றே முக்கால் லிட்டர், 177 ரூபாய். தொட்டி நிறைந்தது, ஃப்ரிட்ஜ் குளிர்ந்தது. பேட்டரிக்கு ஏறியது 36 ஏ.எச். தான். என் இன்வெர்ட்டர் 12 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்காது. பத்து கே.வி.ஏ. ஜெனரேட்டர் வைத்தாலும் அதே 12 தான். இது தெரியாமல் ஒரு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும் என்று காத்திருந்தேன்.

36இல் 30 கிடைத்தால் அதிகம். அதனால் பத்தரை வரை எமர்ஜென்சி விளக்கில் ஓட்டிவிட்டு, எல்லோரும் ஹாலில் பாய் விரித்து, ஒரே ஃபேன், ஒரே பல்பு. நாலரை மணிக்குத்தான் பீப் வந்தது. ஆறு மணி நேரத் தூக்கம், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பெரியம்மாவும் தூங்கியிருப்பார்கள்.

அப்புறம், பேட்டரித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஆறில் ரெண்டு மிதவை சிவப்புக்கு இறங்கியிருந்தது. சார்ஜ் முழுசாக ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், முன்னாடியே நிரப்பினால் பொங்கி வழியும். ஜெனரேட்டரில் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, டேங்கில் மிச்சம் இருந்ததை வடித்து பைக்கிலேயே திரும்ப ஊற்றிவிட்டேன். ஸ்பீக்கர் ஒயர் மட்டும் டூல் பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது.