வரியைப் பிடிப்பது யார், சுமப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டில் வசிப்பவர் இன்னொரு நாட்டிலிருந்து சம்பாதித்தால், வரி கேட்டு இரண்டு அரசுகள் வந்து நிற்கும். "பணம் எங்கள் மண்ணில் விளைந்தது, வரி எங்களுக்கு" என்று ஒன்று சொல்லும். இதுதான் மூலக் கொள்கை. "ஆள் எங்கள் ஊர்க்காரர், உலகில் எங்கே சம்பாதித்தாலும் எங்களிடம்தான் கணக்குக் காட்டவேண்டும்" என்று மற்றொன்று சொல்லும். இது வசிப்பிடக் கொள்கை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வழக்கு நூறாண்டுகளாக இழுப்பதற்கும் அதுவே காரணம்.

1920-களின் தொடக்கத்தில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் புரூயின்ஸ், ஐனாடி, செலிக்மன், ஸ்டாம்ப் என்ற நான்கு பொருளாதார அறிஞர்களிடம் இந்தக் கேள்வியை ஒப்படைத்தது. இவர்களில் ஐனாடி பிற்காலத்தில் இத்தாலியின் குடியரசுத் தலைவரானார். செல்வம் எங்கே உருவாகிறது, எங்கே இருக்கிறது, அதன் மீதான உரிமையை எந்தச் சட்டம் காக்கிறது, உடையவர் எங்கே வாழ்கிறார் என்று 1923-இல் கொடுத்த அறிக்கையில் நால்வரும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். நிலம் என்றால் அது இருக்கும் நாட்டுக்கு. பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றின் வருமானம் பெரும்பாலும் உடையவர் வாழும் நாட்டுக்கு என்று அவர்களுடைய தராசு சாய்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. 1943-இல், போர்க்காலத்தில், மெக்சிகோ நகரில், நாடுகள் தங்களுக்குள் வரி உடன்பாடு எழுதும்போது பின்பற்றுவதற்காக, மாதிரி ஒப்பந்தம் ஒன்று தயாரானது. அங்கே கூடியவர்களில் அதிகம் பேர் லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள், அதாவது வெளிநாட்டு முதலீட்டை வாங்குபவர்கள். மூலக் கொள்கை வென்றது. போர் முடிந்து 1946-இல் லண்டனில் கூடியபோது மூலதனம் கொடுக்கும் நாடுகளின் கை ஓங்கியிருந்தது. வசிப்பிடக் கொள்கை திரும்பி வந்தது. மூன்றே ஆண்டுகள்! வாதங்கள் மாறவில்லை, மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் மாறினார்கள். இன்றும் காப்புரிமைக் கட்டணத்தை எடுத்துக்கொண்டால், பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி-யின் மாதிரி ஒப்பந்தம் அதை வசிப்பிட நாட்டுக்கு மட்டுமே விடுகிறது, ஐ.நா.வின் மாதிரி மூல நாட்டுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறது.

சரி, இரண்டு நாடுகளும் வரி போட்டால் என்ன ஆகும்? வெளிநாட்டில் கட்டிய வரியை உள்நாட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது பரவலாக உள்ள ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கே இடிக்கிறது என்று ஒரு சிறிய கணக்கில் பார்ப்போம். காகிதம் எடுக்க வேண்டாம், எண்கள் எளியவை.

ஒரு பொறியியல் நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆலோசனை வழங்கி 100 ரூபாய் கட்டணம் வாங்குகிறது. சம்பளம், பயணம் என்று செலவு 85 ரூபாய். லாபம் 15. மூல நாட்டுக்கு இந்தச் செலவுக் கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. கணக்குப் புத்தகங்கள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே அது மொத்தக் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 10 ரூபாய் போனது. கவனியுங்கள், லாபம் 15, வரி 10. வசிப்பிட நாட்டில் வரி 30 சதவீதம் என்றால் 15 ரூபாய் லாபத்துக்கு நாலரை ரூபாய்தான் வரி. கழிவும் நாலரையோடு நின்றுவிடும். வேறு நாடு வாங்கிய வரியை எந்த அரசும் தன் கஜானாவிலிருந்து திருப்பித் தராது. மிச்சம் ஐந்தரை ரூபாய் அந்த நிறுவனத்தின் தலையில்.

10 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அது மொத்தத்தில் 10. லாபத்தில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. இதை நான் சலிக்காமல் சொல்லிவருகிறேன்: விகிதத்தைப் பார்க்குமுன் அது எதன் மீதான விகிதம் என்று பாருங்கள்.

நிறுவனம் சும்மா இருக்குமா? "வரி போக எனக்கு 100 ரூபாய் கைக்கு வரவேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்துவிடும். இப்போது வாடிக்கையாளர் கட்டணத்தை 111 ரூபாய்க்குச் சற்று மேலே உயர்த்தி, அதில் 10 சதவீதத்தை, அதாவது 11 ரூபாய் சொச்சத்தை, தன் அரசுக்குக் கட்டி, மீதி 100-ஐ அனுப்புகிறார். வெளிநாட்டுக்காரரிடம் வசூலித்ததாக மூல நாடு கணக்கு எழுதுகிறது. கொடுத்தவர் அதன் சொந்த ஊர் வணிகர். வேறெங்கும் கிடைக்காத சேவை என்றால் இப்படித்தான் முடியும். போட்டிக்குப் பலர் இருந்தால் மட்டுமே சுமை விற்பவர் பக்கம் நகரும்.

அதற்காக மூல நாடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் சாலையும் நீதிமன்றமும் சந்தையும் இல்லாமல் அந்த வருமானமே இல்லை. வரியை லாபத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். விகிதத்தைத் தாழ்த்தலாம், அல்லது விரும்புபவர் கணக்குக் காட்டி லாபத்தின் மீது வரி கட்ட இடம் தரலாம்.

இணையச் சேவைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும்: ஐ.நா. மாதிரியில் 2021-இல் அவற்றுக்கென்று 12பி என்ற பிரிவு வந்தது. மொத்தத்தில் பிடித்தம் அதிலும் உண்டு. லாப அடிப்படையில் கட்டுகிறேன் என்று நிறுவனம் கேட்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். வணக்கம்.