ஒரே ஓட்டத்துல ஜிக்ஜாக் அரே: ஸ்வாப் பண்ணினா முன்னாடி சரி பண்ணினது ஏன் கெடாது?

[திரையில்: 5 9 12 3 8 1 10]

வணக்கம். திரையில இருக்கிற ஏழு நம்பரை ஏறி இறங்கி ஏறி இறங்கி வர்ற மாதிரி அடுக்கணும். முதல் நம்பரை விட ரெண்டாவது பெருசு, அதை விட மூணாவது சின்னது, நாலாவது திரும்ப பெருசு, இப்படியே கடைசி வரைக்கும்.

நிறைய பேருக்கு முதல்ல தோணுறது சார்ட் பண்றதுதான். சார்ட் பண்ணிட்டு முதல் நம்பரை விட்டுட்டு மிச்சத்தை ரெண்டு ரெண்டா இடம் மாத்தினா ஜிக்ஜாக் வந்துடும், தப்பே இல்ல. ஆனா பத்து லட்சம் நம்பர் இருந்தா சார்ட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு கோடி ஒப்பீடு ஆகும். நமக்கு முழு வரிசையே தேவையில்லையே, பக்கத்துல இருக்கிற ரெண்டு பேருக்குள்ள யார் பெருசுன்னு மட்டும் சரியா இருந்தா போதும். அதுக்கு ஒரே ஒரு தடவை இடமிருந்து வலமா நடந்தா போதும், பத்து லட்சத்துக்கு ஒண்ணு குறைவா ஒப்பீடு, அவ்வளவுதான்.

[திரையில்: கோட்]

```python
def zigzag(a):
    for i in range(len(a) - 1):
        if i % 2 == 0:
            bad = a[i] > a[i+1]
        else:
            bad = a[i] < a[i+1]
        if bad:
            a[i], a[i+1] = a[i+1], a[i]
```

இண்டெக்ஸ் இரட்டைப்படைன்னா அடுத்தது ஏறணும், ஒற்றைப்படைன்னா அடுத்தது இறங்கணும், இல்லன்னா ரெண்டையும் ஸ்வாப் பண்ணு.

[திரையில்: ஒவ்வொரு படியா நம்பர் நகருது]

ஓட்டிப் பாப்போம். `i = 0`, 5க்கு அப்புறம் 9, ஏறுது, சரி. `i = 1`, இப்ப இறங்கணும், ஆனா 9க்கு அப்புறம் 12 இருக்கு, அதனால ஸ்வாப், 5 12 9 3 8 1 10. `i = 2`, ஏறணும், 9க்கு அப்புறம் 3, ஸ்வாப், 5 12 3 9 8 1 10. `i = 3`ல 9, 8, இறங்குது, தொட வேணாம். `i = 4`ல 8க்கு அப்புறம் 1, ஸ்வாப். `i = 5`ல 8க்கு அப்புறம் 10, இறங்கணும்ல, திரும்ப ஸ்வாப். கடைசில 5 12 3 9 1 10 8.

இப்ப முக்கியமான கேள்வி. `i = 1`ல 9ஐ தூக்கிட்டு அந்த இடத்துல 12ஐ வெச்சோம், ஆனா அதுக்கு முன்னாடியே 5க்கும் 9க்கும் சரி பார்த்து முடிச்சிருந்தோமே, அது கெட்டுப்போகாதா, பின்னாடி போய் திரும்ப செக் பண்ண வேணாமா?

வேணாம். ஏன்னா அந்த இடத்துல ஸ்வாப் நடக்கணும்னா 9ஐ விட அடுத்தது பெருசா இருந்தாதான் நடக்கும். 5 ஏற்கனவே 9ஐ விட சின்னது, 9 வந்து 12ஐ விட சின்னது, அப்ப 5 கண்டிப்பா 12ஐ விட சின்னதுதான். உச்சியா இருக்க வேண்டிய இடத்துக்கு இன்னும் பெரிய நம்பர் வருது, அதனால முன்னாடி இருந்த ஏற்றம் இன்னும் கூடுதே தவிர குறையல. `i = 2`லயும் இதேதான் தலைகீழா நடக்குது, பள்ளமா இருக்க வேண்டிய இடத்துல 9 போய் 3 வருது, 12ல இருந்து இறக்கம் இன்னும் ஆழமாகுது. ஸ்வாப் எப்பவுமே முந்தின ஜோடிக்கு சாதகமாதான் விழும், அதனாலதான் பின்னாடி திரும்பாம போக முடியுது.

டெஸ்ட் எழுதும்போது ஒரு விஷயம் கவனிங்க. இதே நம்பருக்கு சரியான விடை நிறைய இருக்கு, சார்ட் முறையில போனா 1 5 3 9 8 12 10னு வரும், அதுவும் சரிதான். அதனால விடையை ஒரு குறிப்பிட்ட அரேயோட ஒப்பிட்டா சரியான கோடும் ஃபெயில் ஆகும். அதே நம்பர்கள்தான் இருக்கா, ஒவ்வொரு ஜோடியும் சரியான திசையில போகுதான்னு மட்டும் செக் பண்ணுங்க.

[திரையில்: 1 2 2 3]

இந்த முறை எங்க உடையும்னா, ஒரே நம்பர் திரும்ப வரும்போது. லீட்கோட்ல 280வது கணக்கு சமமா இருந்தாலும் பரவாயில்லன்னு சொல்லுது, அதுக்கு இந்த கோட் எப்பவும் சரியா வரும். 324வது கணக்கு கண்டிப்பா பெருசு, கண்டிப்பா சின்னதுன்னு கேக்குது. அங்க 1 2 2 3ஐ குடுத்தா நம்ம கோட் ஒண்ணையுமே ஸ்வாப் பண்ணாம அப்படியே திருப்பிக் குடுக்கும், நடுவுல ரெண்டு 2 ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆனா 2 3 1 2ன்னு ஒரு விடை இருக்கு, பக்கத்து நம்பரை மட்டும் பார்த்துக்கிட்டு போற நமக்கு அது கண்ணுல படாது. அதுக்கு சார்ட் பண்ணி பாதியா பிரிச்சு, சின்ன பாதியை இரட்டைப்படை இண்டெக்ஸ்லயும் பெரிய பாதியை ஒற்றைப்படை இண்டெக்ஸ்லயும் ரெண்டையுமே பின்னாடி இருந்து எடுத்து வைக்கணும். இங்க சின்ன பாதி 1, 2, பெரிய பாதி 2, 3, பின்னாடி இருந்து மாத்தி மாத்தி வெச்சா 2 3 1 2ன்னு வந்துடுது.