வீடியோ கால் பேசும்போது வேறு ஆப் திறந்தால் படம் நின்றுபோகிறதா? சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "அண்ணா, சிங்கப்பூர்ல இருக்கற பையன்கிட்ட வாட்ஸ்அப் வீடியோ கால் பேசிட்டு இருக்கும்போது மெசேஜ் பாக்க வெளிய வந்தா, அவன் முகம் மறைஞ்சிடுது, குரல் மட்டும் கேக்குது. மத்தவங்களுக்கெல்லாம் ஓரத்துல குட்டிப் படமா வருதே, எனக்கு ஏன் வரல?"

ஆண்ட்ராய்டு போன்ல இதுக்கு முக்கால்வாசி நேரம் காரணம் ஒரே ஒரு சுவிட்ச்தாங்க. வாட்ஸ்அப் ஐகானை அழுத்திப் பிடிங்க, App info வரும். உள்ள போய்க் கீழ தள்ளுங்க, Picture-in-picture-னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. அங்க இல்லன்னா, செட்டிங்ஸ்ல Apps, அதுக்குள்ள Special app access, அங்க கிடைக்கும். இந்த வசதி ஆண்ட்ராய்டு 8-லயே போனுக்கு வந்துடுச்சு, அதனால உங்க போன் கொஞ்சம் பழசா இருந்தாலும் கவலை வேண்டாம். ஐபோன்னா Settings, General, Picture in Picture, அதுல Start PiP Automatically ஆன்ல இருக்கணும்.

இப்ப கால்ல இருக்கும்போது ஹோம் பட்டனை அழுத்துங்க, இல்ல கீழ இருந்து மேல இழுங்க. பையன் முகம் சின்னக் கட்டமா ஓரத்துக்கு வந்துடும். மெசேஜ் டைப் பண்ற இடத்தை அது மறைச்சா, விரலால பிடிச்சு மேல நகர்த்திக்கலாம். ஆனா நகர்த்தும்போது கீழ ஒரு பெருக்கல் குறி வரும் பாருங்க, அதுமேல விட்டுடாதீங்க, கட்டம் மூடிடும். அப்படி மூடிட்டா பதறாதீங்க, மேல இருந்து நோட்டிஃபிகேஷனை இறக்குனா கால் ஓடிட்டு இருக்கறது தெரியும், அதைத் தொட்டுத் திரும்ப உள்ள போகலாம்.

இதெல்லாம் சரியா இருந்தும் சில பேர், "நடுவுல என் படம் அந்தப் பக்கம் உறைஞ்சுபோச்சு"ம்பாங்க. என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேட்டா, கடையில ஜிபே ஸ்கேன் பண்ணிட்டு இருந்திருப்பாங்க. கேமராவைப் பொதுவா ஒரு நேரத்துல ஒரு ஆப்தான் பிடிச்சு வச்சுக்க முடியும். நீங்க ஸ்கேனரைத் திறந்ததும் கேமரா அங்க போயிடும், உங்க படம் நின்னுடும், பேச்சு மட்டும் ஓடும். பணம் கட்டிட்டு காலுக்குத் திரும்புங்க. அப்பவும் படம் வரலன்னா, கால்ல இருக்கற கேமரா பட்டனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வந்துடும்.

இன்னொரு பயமும் நிறைய பேருக்கு இருக்கு: நான் பேங்க் ஆப் திறந்தா எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமா? சின்னக் கட்டம் உங்க ஸ்கிரீன்ல மட்டும்தான். அவங்களுக்கு உங்க கேமரா காட்டறது மட்டும்தான் போகும். ஸ்கிரீன் ஷேர் வேற விஷயம். அதை ஆன் பண்ணினா பேலன்ஸ், ஓடிபி எல்லாம் அவங்க பாக்க வாய்ப்பு இருக்கு. தெரியாத யாராவது கால்ல வந்து "ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க, பேங்க் ஆப் திறங்க"ன்னா, அந்த நிமிஷமே காலைக் கட் பண்ணுங்க.